மைக் இல்லாத தெருமுனைப் பேச்சு: கொடைக்கானல் வார்டு வேட்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடைக்கானல் நகராட்சியில் 24 வார்டுகள். 2011 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 36,501. வகுத்துப் பார்த்தால், கைக்குழந்தைகளையும் சேர்த்து வார்டுக்கு 1,500 பேர் சொச்சம். இவ்வளவு சிறிய வட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டிய ஜீப் எதற்கு? வாயும் காலும் போதும். ஆனால் வாயை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சுயேச்சைகளும் முதல் முறையாக நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நீலகிரியில் குன்னூரிலோ கோத்தகிரியிலோ நிற்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அங்கேயும் தெரு என்றால் பாதி படிக்கட்டுதான்.

ஐந்து நிமிடப் பேச்சு ஒன்றை எழுதி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். அது போதுமா?

அதில் நான்கரை நிமிடம் அதிகம்.

மேடைப் பேச்சுக்கு வருபவர் உட்கார்ந்து கேட்கிறார். தெருமுனையில் உங்களைக் கேட்பவர் நடந்துகொண்டிருக்கிறார். கையில் காய்கறிப் பை, முதுகில் பிள்ளையின் பள்ளிப் பை. மைக் இல்லாத குரல், சாதாரணத் தெருச் சத்தத்துக்கு நடுவே, வார்த்தை புரியும்படி பதினைந்து மீட்டர் வரை போகும். நல்ல இடம் அமைந்தால் இருபது. அந்த வட்டத்துக்குள் ஒருவர் நுழைந்து உங்களைக் கடந்து மறுபக்கம் வெளியேறுவதற்கு அரை நிமிடம் ஆகும். மேட்டில் ஏறுபவராக இருந்தால் இன்னும் பத்து, பதினைந்து வினாடி சேரும். அவ்வளவுதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம்.

ஐந்து நிமிடம் பேசினால் ஒவ்வொருவர் காதிலும் அதன் ஏதோ ஒரு துண்டு விழும். ஒருவருக்குத் தண்ணீர்ப் பிரச்சினையின் நடுப்பகுதி, இன்னொருவருக்கு நன்றியுரை. யாருக்கும் சின்னம் விழாது, ஏனென்றால் அதைக் கடைசிக்கு வைத்திருப்பீர்கள். ஆகவே எழுத வேண்டியது இருபத்தைந்து வினாடிப் பேச்சு. உரத்த குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் அதற்குள் முப்பது, முப்பத்தைந்து சொற்கள்தான் அடங்கும். அதையே மூன்று முறை சொல்லுங்கள், மூச்சு வாங்குங்கள், இரண்டு நிமிடம் கைகூப்பி வணக்கம் சொல்லிக்கொண்டு நில்லுங்கள், மறுபடி தொடங்குங்கள். திரும்பச் சொல்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். இரண்டாம் முறை சொல்லும்போது முதல் ஆள் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டிருப்பார். அலுத்துப்போகிறவர் பக்கத்து டீக்கடைக்காரர் ஒருவர்தான். அவரிடம் ஒரு டீ வாங்கிக் குடித்துவிடுங்கள்.

மூஞ்சிக்கல்லில்தான் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் கூட்டம். அங்கே நிற்கலாமா?

கூட்டம் உண்டு, வாக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மேல்மலையிலிருந்து மன்னவனூர்க்காரரும் பூம்பாறைக்காரரும் வருவார்கள். அவர்கள் வாக்கு அவரவர் ஊராட்சியில் இருக்கிறது. மீதிப் பேரில் சுற்றுலாப் பயணிகள் ஒரு பங்கு. மற்ற 23 வார்டுக்காரர்கள் இன்னொரு பங்கு. நூறு முகங்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினால் அதில் உங்கள் வார்டுக்காரர் நாலைந்து பேர் இருந்தால் அதிர்ஷ்டம். புகைப்படத்துக்கு வேண்டுமானால் ஒரு முறை நின்றுவிட்டு வாருங்கள்.

மலையூரில் நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது: மக்கள் தாமாகவே எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது. செங்குத்தான படிக்கட்டில் ஏறி வருபவர் உச்சிப் படியில் ஒரு கணம் நின்று மூச்சு வாங்குவார். பையைக் கீழே வைப்பார், கை மாற்றுவார். அங்கே நில்லுங்கள். நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை, மலையே அவரை நிறுத்திவிடுகிறது. மூச்சு வாங்குபவரால் எதிர்த்துப் பேசவும் முடியாது என்பது கூடுதல் வசதி. இறங்குகிறவரிடம் இந்தப் பருப்பு வேகாது. இறக்கத்தில் யாரும் நிற்பதில்லை. அதனால் ஒரே படிக்கட்டானாலும் மாலை நேரம் முக்கியம். காலையில் இறங்கிப் போன வார்டு, மாலை நான்கு மணிக்குமேல் ஏறித் திரும்பி வருகிறது. பள்ளி விட்ட பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மார்கள் முதலில், வேலை முடித்தவர்கள் பிறகு.

இடத்தைத் தேர்ந்த பிறகு இரண்டைப் பார்க்க வேண்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் அல்லது சாத்திய கடையின் இரும்புக் கதவு இருக்கட்டும். பின்பக்கம் போகும் ஒலியை அது முன்பக்கம் திருப்பி அனுப்பும். பின்னால் பள்ளத்தாக்கு இருந்தால் காட்சி அழகாக இருக்கும், குரல் பாதி அங்கேயே போய்விடும். அடுத்தது காற்று. அது உங்கள் முதுகிலிருந்து கேட்பவர் பக்கம் வீச வேண்டும். எதிர்க்காற்றில் குரல் மேலே வளைந்து தலைக்கு மேல் போய்விடுகிறது. எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. தோளில் போட்டிருக்கும் துண்டின் நுனி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பி நில்லுங்கள். மஞ்சு இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். முகம் தெரியாதே தவிர, இந்தத் தூரத்துக்குக் குரல் குறைவதில்லை.

அந்த இருபத்தைந்து வினாடியில் என்ன சொல்வது? ஒரு மாதிரி எழுதிக் காட்ட முடியுமா?

கற்பனையாக ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். நீண்ட படிக்கட்டுப் பாதை ஒன்று. அதில் எட்டு விளக்குக் கம்பம், எரிவது மூன்று. இரவில் காட்டெருமை தெருவுக்குள் இறங்கும் ஊர் இது. வேட்பாளருக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி, வரிசை எண் நான்கு என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் முதலில் எழுதிக் கொண்டுவருவது இப்படி இருக்கும்:

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே, தாய்மார்களே, பெரியோர்களே! நமது வார்டில் நீண்ட காலமாகக் குடிநீர், தெருவிளக்கு, சாலை, கழிவுநீர்க் கால்வாய் உள்ளிட்ட அடிப்படை வசதிகள் முறையாகச் செய்து தரப்படாத நிலையில், எனக்கு ஒரு வாய்ப்பளித்தால் அனைத்தையும் போர்க்கால அடிப்படையில் நிறைவேற்றுவேன் என உறுதியளித்து, உங்கள் பொன்னான வாக்குகளைப் பூட்டு சாவி சின்னத்தில் அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. இதைப் படியேறி வருபவர் காதால் கேட்டுப் பாருங்கள். விளி முடிவதற்குள் ஆறேழு வினாடி போயிற்று. பிறகு வருவது ஒரே வாக்கியம். என்ன சொல்கிறீர்கள் என்பது வாக்கியத்தின் கடைசியில் வினைச்சொல்லில்தான் தெரியும், அதற்குள் அவர் போய்விட்டார். குடிநீர், தெருவிளக்கு, சாலை, கால்வாய் என்ற வரிசையை எல்லா வேட்பாளரும் சொல்வார்கள், எல்லா ஊரிலும் சொல்வார்கள். அதனால் காது அதைத் தானாகவே கழித்துவிடும். சின்னம் ஒரே ஒரு முறை, அதுவும் குரல் இறங்கும் இடத்தில்.

இப்போது இதையே வெட்டுவோம். நான்கு பிரச்சினையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். எதை? நின்று பேசும் இடத்திலிருந்து கையை நீட்டிக் காட்டக்கூடியதை. படி உச்சியில் நிற்கிறீர்கள், கம்பம் கண்ணெதிரே இருக்கிறது. ஆகவே விளக்கு. தண்ணீரைத் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொள்ளலாம்.

"படியில் விளக்கு!
எட்டுக் கம்பம். எரிவது மூன்று.
காட்டெருமை நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது!
முதல் கூட்டத்திலேயே கேட்பேன். எட்டும் எரியும் வரை கேட்பேன்.
பூட்டு சாவி! நான்காம் எண், பூட்டு சாவி!
படியில் விளக்குக்குப் பூட்டு சாவி!"

முப்பது சொற்கள்கூட இல்லை. எங்கே வெட்டினாலும் ஒரு துண்டு முழுதாக இருக்கிறது. நடுவில் வந்து சேர்ந்தவருக்கும் ஒரு செய்தி கிடைக்கும். "எட்டுக் கம்பம், எரிவது மூன்று" என்பதை யார் வேண்டுமானாலும் எண்ணிச் சரிபார்க்கலாம். அதனால்தான் முந்தின நாள் இரவு நீங்களே நடந்து எண்ண வேண்டும். பேசும் நாளில் நகராட்சி வந்து இரண்டைச் சரிசெய்துவிட்டால் "எரிவது ஐந்து" என்று மாற்றிக்கொள்ளுங்கள். பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருந்தால் அந்தத் தெரு முழுக்க உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

இங்கே எழுத்து நடையில் கொடுத்திருக்கிறேன். வாயில் வரும்போது உங்கள் பேச்சு வழக்கிலேயே வரட்டும். செந்தமிழில் பேசுகிற பக்கத்து வீட்டுக்காரரை யாரும் நம்புவதில்லை.

எதுகை மோனையோடு, பாட்டு மாதிரி இருந்தால் மனத்தில் நிற்கும் என்கிறார்களே?

நிற்கும், அளவோடு இருந்தால். மேலே உள்ள மாதிரியில் "காட்டெருமை", "கண்ணுக்கு" என்று ஒரு மோனையும் "எட்டு", "எரிவது", "எட்டும்", "எரியும்" என்று எகரத் தொடக்கமும் இருக்கின்றன. தேடிப் போட்டதல்ல, வந்ததை விட்டுவைத்தது. எதுகைக்காகவே பொருளைத் திருகினால் மக்கள் சந்தத்தை நினைவில் வைத்துக்கொண்டு விளக்கை மறந்துவிடுவார்கள்.

எதுகையைவிட முக்கியம் நெடில். திறந்த வெளியில் தூரம் போவது நெட்டெழுத்துதான், ஏனென்றால் அதைத்தான் நீட்ட முடியும். "பூட்டு சாவி" என்பதில் பூ, சா இரண்டும் நெடில்; இருபது மீட்டர் தள்ளியும் கேட்கும். குறிலும் வல்லினமுமாக அடுக்கிய சின்னம் வந்துவிட்டால் அதைச் சொல்லும் வேகத்தைக் குறைத்து, பொருளைக் கையில் பிடித்துக் காட்டுங்கள். பூட்டைக் காட்டுவதற்கு நம் மாவட்டத்தில் அறிமுகமே தேவையில்லை. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே 2019-இல் கிடைத்திருக்கிறது.

பத்தடி தாண்டினால் கேட்கவில்லை என்கிறார்கள். கத்திக் கத்தி இரண்டாம் நாளே தொண்டை போய்விட்டது.

பெரும்பாலும் இரண்டு தவறுகள்.

ஒன்று, படியேறி வந்த மூச்சோடு அப்படியே பேசத் தொடங்குவது. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறோம். ஏறி வந்தால் மலைக்காரருக்கும் இரைக்கும். இரைக்கும்போது மூச்சு நெஞ்சின் மேல்பகுதியில்தான் ஓடும், குரலுக்குத் தள்ளுவிசை இருக்காது, அந்தக் குறையைத் தொண்டையை இறுக்கி ஈடுகட்டுவீர்கள். அது இரண்டு நாள்தான் தாங்கும். மேலே ஏறியதும் இரண்டு நிமிடம் சும்மா நின்று கடைக்காரரிடம் நலம் விசாரியுங்கள். பிறகு வயிறு முன்னால் வரும்படி மூச்சை இழுத்து, ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்று பேசுங்கள். மூச்சு போதாத வரி நீளமான வரி. அதை வெட்ட வேண்டும்.

இன்னொன்று வாக்கியத்தின் வால். நாம் பேசும்போது வாக்கியம் முடியும் இடத்தில் குரல் இயல்பாகவே தணியும். வீட்டுக்குள் அது பரவாயில்லை. தெருவில் அது பெரும் நட்டம், ஏனென்றால் தமிழில் ஆம், இல்லை எல்லாமே வாலில்தான் இருக்கிறது. "மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை" என்று நீங்கள் சொன்னது, எதிர்த்திசைப் படிக்கட்டில் "மூன்று நாளாகத் தண்ணீர் வர" என்று போய் விழுகிறது. தண்ணீர் வந்ததற்கு நன்றி சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார். ஆகவே கடைசிச் சொல்லைத்தான் ஏற்றிச் சொல்ல வேண்டும். "கேட்பேன்" என்பதில் "பேன்" மேலே போக வேண்டும், கீழே அல்ல. முதல் நாள் செயற்கையாகத் தோன்றும். காய்கறி விற்பவர் கூவுவதைக் கேளுங்கள்: கடைசி அசையைத்தான் நீட்டுவார். நாள் முழுவதும் கூவியும் அவருக்குத் தொண்டை கட்டுவதில்லை.

பனிக்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கேட்பவர் குல்லாவோ மப்ளரோ கட்டிக் காதை மூடியிருப்பார். அதற்கு மருந்து சத்தத்தைக் கூட்டுவதல்ல. வேகத்தைக் குறைத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவது. மப்ளர் மெல்லொலிகளை விழுங்கிவிடும், இடைவெளியை விழுங்காது.

தொண்டை கட்டிவிட்டால் கிசுகிசுத்துப் பேசாதீர்கள். அது ஓய்வென்று தோன்றும், ஆனால் குரல்வளைக்கு வேலைதான். வாயை மூடிக்கொண்டு வெந்நீர் குடித்துவிட்டு, ஒரு பொழுது கைகூப்பி மட்டும் சுற்றி வாருங்கள். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு நீங்காவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போது பஸ் ஏறி வருகிறது. அதற்கு மேலே கத்த வேண்டுமா?

வேண்டாம். முதல் கியரில் மேடேறும் பஸ்ஸை வென்ற வேட்பாளர் யாரும் இல்லை. நிறுத்திவிட்டு சின்னத்தை உயர்த்திப் பிடியுங்கள். பஸ்ஸின் ஜன்னலில் இருப்பவர்கள் கண்ணால் படிப்பார்கள். பஸ் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதல் வரியிலிருந்து தொடங்குங்கள். தகரக் கூரைக்குக் கீழே நின்றிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டாலும் இதே பதில்: வாயை மூடிக்கொண்டு துண்டுப் பிரசுரம் கொடுங்கள்.

இ-பாஸ் முறையை எடுத்துவிடுவேன் என்று சொன்னால் நல்ல வரவேற்பு கிடைக்கிறது. சொல்லலாம்தானே?

சொல்லலாம், செய்ய முடியாது. 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த அந்த முறை சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. வார்டு உறுப்பினரின் கை அங்கே எட்டாது. காட்டெருமையை விரட்டுவது வனத்துறையின் வேலை. ரேஷன் கடை கூட்டுறவுத் துறையிடமும் உணவுப் பொருள் வழங்கல் துறையிடமும் இருக்கிறது. வார்டு உறுப்பினரின் எல்லை தெருவிளக்கு, குடிநீர் விநியோகம், குப்பை, சாக்கடை, உட்சாலை, படிக்கட்டு. அவற்றிலும் அவர் தனியாக ஒரு ரூபாய் செலவழிக்க முடியாது. மன்றத்தில் தீர்மானம் நிறைவேற வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும், ஆணையர் வேலைக்கு ஒப்பந்தம் விட வேண்டும்.

இது தெரிந்துதான் மேலே உள்ள மாதிரியில் "போடுவேன்" என்று எழுதவில்லை, "கேட்பேன்" என்று எழுதினேன். "போடுவேன்" கைதட்டல் வாங்கும். ஆறு மாதம் கழித்து அதே படியில் அதே இருட்டில் நின்று "எங்கே போட்டீர்கள்?" என்ற கேள்வியையும் வாங்கித் தரும். உங்கள் கையிலேயே இருக்கிற வினைகளைத் தேடுங்கள்: கேட்பேன், எழுதிக் கொடுப்பேன், கூட்டத்தில் பேசுவேன், தண்ணீர் விடும் நாளையும் நேரத்தையும் தெருமுனைப் பலகையில் எழுதி வைப்பேன். கடைசியில் சொன்னது யார் அனுமதியும் இல்லாமல் மறுநாளே செய்யக்கூடியது. குழாயடியில் பேசும்போது அதை ஒன்றை மட்டும் சொன்னாலே போதும் என்பேன்.

மனைவி பெயரில்தான் வேட்புமனு. அவருக்குக் கூச்சம். நானே பேசிவிட்டால் என்ன?

தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் இந்தக் கேள்வி நிறையவே வருகிறது. பதில்: அவர்தான் பேச வேண்டும். நீங்கள் பேசினால் வாக்காளர் மனத்தில் உங்கள் முகம் பதியும். வாக்கு இயந்திரத்தில் அவர் பெயர் இருக்கும். அரை நிமிடப் பேச்சில் முகமும் பெயரும் இரண்டு வழியில் போனால் எதுவும் ஒட்டாது.

கூச்சம் மேடைக்கு உண்டு, படிக்கட்டுக்குக் கிடையாது. எதிர்மேட்டு வீட்டு வாசலில் நிற்கும் பிள்ளையை "டேய், சாப்பிட வா" என்று ஒரே அழைப்பில் திருப்புகிறவர் அவர். அந்தக் குரலைத்தான் கேட்கிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வண்டிச் சத்தம் பெரும்பாலும் கீழ்க்கட்டையில் உறுமும் சத்தம். அதற்கு மேலே பெண் குரல் தனியாகத் தெரியும். உங்கள் கட்டைக் குரல் அதோடு கலந்துவிடும். நீங்கள் பதினைந்து மீட்டர் தள்ளி நின்று, கேட்கிறதா என்று கையால் சைகை காட்டுங்கள். அந்த வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது.

பெயரை எங்கே சொல்வது? மாதிரியில் பெயரே இல்லையே?

வார்டுக்குள் உங்களை முகத்தால் தெரியும். அரை நிமிடத்தில் இடம் குறைவு, சின்னத்துக்கே அதைக் கொடுத்தேன். ஆனால் இரண்டு நிலையில் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும். ஊர் உங்களைக் கூப்பிடும் பெயரும் வேட்புமனுவில் உள்ள பெயரும் வேறாக இருந்தால், "தையல்கடை அக்கா" என்று உங்களைத் தேடி வந்தவர் இயந்திரத்தில் அந்தப் பெயரைக் காணாமல் விழிப்பார். அதேபோல் உங்கள் பெயரிலேயே இன்னொருவர் நின்றால், பெயரைவிட எண்ணையும் சின்னத்தையும் இரட்டிப்பாகச் சொல்ல வேண்டும். எண் நான்கு என்றால் நான்கு விரலை மடக்காமல் காட்டிக்கொண்டே சொல்லுங்கள்.

சின்னம் கிடைப்பதற்கு முன்பே பேச ஆரம்பிக்கலாமா?

கட்சிக்காரருக்குச் சின்னம் கையிலேயே இருக்கிறது. சுயேச்சைக்கு, மனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகுதான் கிடைக்கும். 2022 நகர்ப்புறத் தேர்தலில் திரும்பப் பெற பிப்ரவரி 7 கடைசி, 17-ஆம் தேதி மாலை 6 மணியோடு பிரசாரம் முடிந்தது, 19-இல் வாக்குப்பதிவு. கையில் இருந்தது பத்து நாள். முன்கூட்டியே பேசித் தீர்க்காமல், சின்னம் கிடைப்பதற்கு முந்தைய நாட்களை விளக்கு எண்ணவும் இடம் பார்க்கவும் செலவிடுங்கள். எந்தப் படி உச்சியில் எத்தனை மணிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், சின்னம் வந்த மாலையே நேராக அங்கே போய் நிற்கலாம்.

பேசும்போது ஒருவர் நடுவில் புகுந்து, "ஐந்து வருடமாக எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்டார். திகைத்துப்போய்விட்டேன்.

கேட்டது உங்களுக்கு நல்லது. இதுவரை நடந்துகொண்டிருந்தவர்கள் இப்போது நின்று பார்க்கிறார்கள். ஒரே வரியில், அதே குரலில், உண்மையைச் சொல்லுங்கள்: "இதே படியில்தான் அண்ணே ஏறி இறங்கினேன், இருட்டில்!" உடனே முதல் வரிக்குத் திரும்பிவிடுங்கள். மூன்று முறை சொல்லி முடித்ததும் அவரிடம் நீங்களே நடந்து போய்த் தணிந்த குரலில் பேசுங்கள். தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வாதம் செய்தால் வாதம்தான் ஊரில் பரவும், விளக்கு பரவாது. குடித்துவிட்டு வந்தவராக இருந்தால் அந்த முனையை அன்றைக்கு விட்டுவிட்டு அடுத்த முனைக்குப் போய்விடுங்கள்.

பதிலடியாக எதிர் வேட்பாளரின் குடும்ப விஷயத்தையோ சாதியையோ இழுக்கக் கூடாது. நடத்தை விதி தடுக்கிறது என்பது ஒரு காரணம். இவ்வளவு சிறிய வார்டில் அவர் உங்கள் கேட்பவரில் பாதிப் பேருக்கு மாமனோ மச்சானோ என்பது இன்னொரு காரணம்.

பேச்சு மனத்தில் நின்றதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லோரும் "நல்லா இருந்தது" என்றுதான் சொல்கிறார்கள்.

"நல்லா இருந்தது" என்றால் ஒன்றும் கேட்கவில்லை என்று பொருள். வேட்பாளர் கேட்கக் கூடாது. வேட்பாளரோடு வந்தவர் என்று தெரியாத ஒருவர் கேட்க வேண்டும். அவர் அடுத்த திருப்பத்தில், பேச்சு எட்டாத தூரத்தில் நிற்கட்டும். கடந்து வருபவரிடம் சாதாரணமாக, "அங்கே என்ன சத்தம்?" என்று கேட்கட்டும். வரும் பதில்களை அப்படியே எழுதிக்கொள்ளட்டும்.

"யாரோ ஓட்டுக் கேட்கிறார்கள்" என்று வந்தால் குரலோ இடமோ சரியில்லை. சுவரையும் காற்றையும் மறுபடி பாருங்கள். "விளக்கு இல்லை என்கிறார்கள்" என்று மட்டும் வந்தால் செய்தி போயிருக்கிறது, சின்னம் போகவில்லை; கடைசி இரண்டு வரியில் குரல் இறங்குகிறது. "பூட்டு சாவி" என்று மட்டும் வந்தால் கவலை இல்லை, சின்னம் தங்கிவிட்டால் மற்றது வீட்டுக்கு வீடு போகும்போது சேர்ந்துகொள்ளும். "எட்டுக் கம்பத்தில் மூன்றுதான் எரியுதாமே" என்று யாராவது கணக்கோடு சொன்னால் அந்தப் பேச்சில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள். மேலும் மெருகேற்றலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மைக் இல்லையே, அனுமதி வாங்க வேண்டுமா?

ஒலிபெருக்கிக்குத்தான் காவல்துறை அனுமதி கட்டாயமாகத் தேவைப்படுகிறது; இரவு 10 முதல் காலை 6 வரை அதற்கு அனுமதியே கிடையாது. வெறும் குரலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் பத்துப் பேர் சேர்ந்து நின்றாலே நம் ஊர்த் தெரு அடைத்துக்கொள்ளும். எந்த முனை, எத்தனை மணி என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து வைத்தால் நடுவில் யாரும் வந்து நிறுத்த மாட்டார்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் வளாகத்துக்குள் நின்று பேசக் கூடாது. மருத்துவமனை வாசலும் வேண்டாம், அங்கே யாருக்கும் கேட்கும் மனநிலை இருக்காது.

பிரசாரம் முடிந்த பிறகு, மைக் இல்லாமல்தானே என்று ஒரு முறை பேசிவிட்டால்?

கூடாது. நேரம் முடிந்தால் மைக்கும் முடிந்தது, வாயும் முடிந்தது. குரலால் கேட்பதும் பிரசாரம்தான். பூட்டைக் கையில் தூக்கிக்கொண்டு படி உச்சியில் சும்மா நிற்பதும் பிரசாரம்தான், அதையும் கேட்டிருக்கிறார்கள்.